கேஜ் கிழிந்துபோன ஸ்வெட்டர் பேட்டர்னை வேறு அளவுக்கு மாற்றுவது

கேள்வி: நாலு வயதுக் குழந்தைக்கான ஒரு பழைய ஸ்வெட்டர் பேட்டர்ன் கிடைத்தது. தாளின் மேல்பாதி கிழிந்துவிட்டது. நூல், ஊசி, கேஜ், எத்தனை கண்ணி போட வேண்டும் எதுவுமே இல்லை. மிச்சம் இருப்பது ஒரு படம், கேபிள் பின்னலின் விளக்கம் (2 பர்ல், 4 நிட், ஆறு வரிசைக்கு ஒரு முறுக்கு), அப்புறம் இரண்டே வரிகள்: "கைக்குழிக்கு இரு பக்கமும் 8 கண்ணி மூடி நேராகப் பின்னவும்", "கைக்கு 4 வரிசைக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒரு கண்ணி கூட்டவும், 13 முறை". படத்தில் குழந்தை அணிந்திருக்கிறது; வி கழுத்து; மார்புக்கு நேரே இரண்டு கைகளுக்கும் நடுவில் 11 கேபிள் தெரிகிறது. எட்டு வயது மகளுக்கு இதைப் பின்ன வேண்டும். எண்களை எப்படியாவது கண்டுபிடித்து ஒன்றரையால் பெருக்கினால் சரியாக வருமா?

பதில்:

வராது. எப்படி வராது என்று பார்த்துவிட்டால் மீதி வேலை எளிது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் காணாமல் போன எண்ணைப் பிடிப்போம். உங்களிடம் இருக்கும் இரண்டு வரிகளும் 11 என்ற எண்ணிக்கையும் அதற்குப் போதும். கைக்குழிக்கு மேலே 11 கேபிள் என்றால் 44 நிட் கண்ணி. கேபிள்களுக்கு நடுவே 10 இடைவெளி, ஒவ்வொன்றிலும் 2 பர்ல், மொத்தம் 20. ஆக 64. இரண்டு ஓரத்திலும் கையோடு சேர்த்துத் தைக்க ஆளுக்கு ஒரு கண்ணியாவது இருக்க வேண்டும், 66. கைக்குழிக்குப் பக்கத்துக்கு 8 மூடியிருக்கிறார்கள், அதைத் திருப்பிச் சேர்த்தால் 82. இது சரியா என்று எப்படித் தெரியும்? கேபிள் வரிசை ஆறு ஆறாகப் போகிறது. 13 ஆறு 78. கடைசிக் கேபிளுக்கு அந்தப் பக்கம் 2 பர்ல், தையலுக்கு ஓரம் இரண்டு. 82. கணக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரே இடத்தில் முட்டுகிறது. முன்பக்கம் 13 கேபிள், 82 கண்ணி. இதை நம்பலாம்.

இப்போது உங்கள் ஒன்றரையைப் போட்டுப் பாருங்கள். 123 கண்ணி. இந்த மாதிரி நூலில் கேபிள் பின்னல் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 26 கண்ணி வரும் (எப்படி என்று கீழே சொல்கிறேன்). 123 கண்ணி 47 செ.மீ. முன்னும் பின்னும் சேர்த்து 94 செ.மீ. சுற்றளவு. மகளுக்குப் பின்னி நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வயது இரண்டு மடங்கானாலும் உடம்பு அப்படி வளர்வதில்லை. நாலு வயதில் மார்புச் சுற்றளவு பொதுவாக 58 செ.மீ. பக்கம் இருக்கும், எட்டு வயதில் 67 பக்கம். ஆறில் ஒரு பங்குகூட முழுசாகக் கூடவில்லை என்று சொல்லலாம். உயரமும் கையின் நீளமும் அதைவிட வேகமாக வளர்கின்றன. தலையோ 50 செ.மீ.யிலிருந்து 52க்குத்தான் போகிறது. அதனால்தான் எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கிய ஸ்வெட்டரில் உடம்பு தொளதொள என்று இருக்கும், கழுத்து தோளை விட்டு நழுவும், கை மட்டும் குட்டையாக நிற்கும். எந்த எண்ணால் பெருக்கினாலும் இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போகும்.

சரி, அப்படியானால் பழைய எண்களால் என்ன பயன்? பழைய கேஜ் உங்களுக்குத் தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. அது அந்தப் பேட்டர்னை எழுதியவருடைய கை, அவருடைய நூல். நீங்கள் பின்னப் போவது உங்கள் கையால். பழைய தாளிலிருந்து எடுக்க வேண்டியது வடிவத்தை: நடுவில் ஒரு கேபிள் வருகிறது, அது வி கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது, கைக்குழி வளைவு இல்லாமல் சதுரமாக இருக்கிறது, கை மணிக்கட்டில் குறுகி மேலே விரிகிறது. இவ்வளவுதான். எண்களை உங்கள் கேஜும் மகளின் அளவும் சேர்ந்து கொடுக்கும்.

பழைய எண் ஒரு விஷயத்துக்கு மட்டும் உதவும்: என்ன பருமனில் நூல் வாங்குவது என்று. நாலு வயதுக்கு மார்பு 58, லூஸுக்கு 6 கூட்டினால் 64, பாதி 32. தையலுக்குள் போகும் இரண்டு கண்ணியை விட்டால் 80 கண்ணி 32 செ.மீ.யில் அடங்கியிருக்கிறது. 10 செ.மீ.க்கு 25. இதைப் பார்த்து, நூல் லேபிளில் 25 கண்ணி என்று போட்டிருக்கும் நூலைத் தேடாதீர்கள். லேபிளில் இருப்பது சாதா நிட் பின்னலின் கணக்கு. கேபிள் துணியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருக்கும். அதே நூல், அதே ஊசியில் சாதாவாகப் பின்னினால் கண்ணி எண்ணிக்கை குறைவாகவே வரும். லேபிளில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 4 மி.மீ. ஊசி என்று இருக்கும் டிகே ரக நூல் இதற்குப் பொருத்தம்.

அடுத்து மாதிரித் துண்டு. இதை அலுத்துக்கொண்டு தாண்டிப் போகிறவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன். ஆனால் எண்ணே இல்லாத பேட்டர்னில் துண்டுதான் பேட்டர்ன். 46 கண்ணி போடுங்கள்: தலைப்பில் ஓரம் 1, ஏழு தடவை (2 பர்ல், 4 நிட்), 2 பர்ல், ஓரம் 1. ஏறக்குறைய 14 செ.மீ. உயரம் பின்னி மூடுங்கள். பிறகு ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, இழுக்காமல் தட்டையாகப் போட்டுக் காய விடுங்கள். ஒருமுறை துவைக்காத துண்டை அளந்து ஒரு ஸ்வெட்டரை முடித்தேன். முதல் துவையலில் நூல் தளர்ந்து, மணிக்கட்டு வரை இருந்த கை விரல் நுனி வரை வந்துவிட்டது. பின்னலில் எந்தத் தவறும் இல்லை. அளந்த நேரம்தான் தவறு.

அளக்கும்போது 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணாதீர்கள். கேபிளில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், பர்ல் கண்ணிகள் பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். எண்ணினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரும். அதைவிட, ஒரு கேபிளின் இடது ஓரத்தில் டேப்பை வைத்து, ஐந்து கேபிள் தள்ளி ஆறாவது கேபிளின் இடது ஓரம் வரை அளந்து ஐந்தால் வகுங்கள். 11.5 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேபிளும் அதன் பர்லும் சேர்ந்து 2.3 செ.மீ. இந்த ஒரு எண்ணை வைத்தே அகலம் முழுவதையும் போட்டுவிடலாம். கண்ணியாக வேண்டும் என்றால் 6ஐ 2.3ஆல் வகுத்தால் 2.6, அதாவது 10 செ.மீ.க்கு 26. உயரத்துக்கு ஒரு முறுக்கிலிருந்து நாலு முறுக்கு மேலே வரை அளந்தால் 24 வரிசை. அது 8 செ.மீ. வந்தால் செ.மீ.க்கு 3 வரிசை.

அளவில் சின்னப் பிசகு எவ்வளவு இழுக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு ஒரே ஒரு கண்ணி தவறாக எண்ணினால், 74 செ.மீ. சுற்றளவுள்ள ஸ்வெட்டரில் அது கிட்டத்தட்ட 3 செ.மீ. வித்தியாசம். நாம் கொடுக்கும் லூஸே 7 செ.மீ. தான்.

இப்போது மகளின் அளவுகள். உடம்பை அளப்பதோடு, அவளுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு ஸ்வெட்டரையோ ஸ்வெட்ஷர்ட்டையோ தட்டையாக விரித்து அதையும் அளந்துகொள்ளுங்கள். எவ்வளவு லூஸ் வேண்டும் என்ற கேள்விக்கு அதுதான் விடை வைத்திருக்கும். நான் ஒரு உதாரண அளவு எடுத்துக்கொள்கிறேன், உங்களுடையதை அதில் இட்டுக்கொள்ளுங்கள்: மார்பு 67, விரித்துப் போட்ட துணியின் அகலம் 37 (சுற்றளவு 74), அடியிலிருந்து அக்குள் வரை 24, கைக்குழியின் உயரம் 15, தோளிலிருந்து தோள் 28, அக்குளிலிருந்து மணிக்கட்டு 32.

37ஐ 2.3ஆல் வகுத்தால் 16.1. அப்படியே 16 கேபிள் என்று எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் பேட்டர்னில் கேபிள் எண்ணிக்கை ஒற்றைப்படை, அதனால்தான் நட்டநடுவில் ஒரு கேபிள் வந்து வி கழுத்தில் இரண்டு இரண்டு கண்ணியாகப் பிரிகிறது. 16 போட்டால் நடுவில் பர்ல் பள்ளம் வரும். தப்பில்லை, ஆனால் அது வேறு ஸ்வெட்டர். 17 கேபிள் போட்டால் முன்பக்கம் 40 செ.மீ.க்குப் பக்கம் போய்விடும். 15 போட்டால் கடைசி பர்லையும் சேர்த்து 35 தான், சுற்றளவு 70, உடம்பைப் பிடிக்கும்.

இதற்கு ஒரு பழைய உபாயம்: 15 கேபிளையே வைத்துக்கொண்டு, குறைகிற 2 செ.மீ.யைப் பக்கவாட்டில் பர்லாகக் கொடுப்பது. கையைத் தொங்கவிட்டால் அந்தப் பட்டை அக்குளுக்குக் கீழே மறைந்துவிடும், முன்னால் இருந்து பார்ப்பவருக்கு மூலப் பேட்டர்ன் அப்படியே தெரியும். பர்ல் துணி கேபிள் மாதிரி சுருங்காது, 1 செ.மீ.க்கு 2 கண்ணி போதும். எனவே பக்கத்துக்கு 2 கண்ணி கூடுதல். மொத்தம்: ஓரம் 1, பர்ல் 2, பதினைந்து தடவை (2 பர்ல், 4 நிட்), 2 பர்ல், பர்ல் 2, ஓரம் 1. 98 கண்ணி, தைத்த பிறகு ஏறத்தாழ 37 செ.மீ. பின்பக்கமும் இதேதான். பேட்டர்னை அளவு மாற்றுவதில் எனக்குப் பிடித்த வேலையே இதுதான். கணக்கு சரியாக இறங்காத இடத்தில் எங்கே மிச்சத்தை ஒளித்து வைப்பது என்று தேடுவது. வேறு பேட்டர்ன்களிலும் இது செல்லும். திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைத் தொடாமல், பக்கவாட்டில் கூட்டுவதோ குறைப்பதோ.

அடி ரிப்பை இரண்டு அளவு சின்ன ஊசியில், 4 நிட் 2 பர்ல் என்று கேபிளுக்கு நேர் கீழேயே வரும்படி பின்னிவிட்டால் கண்ணியைக் கூட்ட வேண்டிய வேலை இல்லை. 5 செ.மீ. ரிப், மேலே 19 செ.மீ. கேபிள். இந்த இடத்தில் வரிசை எண்ண வேண்டியதில்லை, டேப் வைத்து அளந்தால் போதும். ஆனால் பின்பக்கம் எத்தனை வரிசையோ அதேதான் முன்பக்கமும் என்பதற்காக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கங்களைச் சேர்த்துத் தைக்கும்போது முறுக்குகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும்.

கைக்குழி. தோள் அகலம் 28 வேண்டும், 28ஐ 2.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 73, இரட்டைப்படையாக 74 என்று வைப்போம். 98இல் 24 போக வேண்டும், பக்கத்துக்கு 12. ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்: ஓரம் 1, கூடுதல் பர்ல் 2, பர்ல் 2, ஒரு முழுக் கேபிள் 4, பர்ல் 2, இது 11. பன்னிரண்டாவது அடுத்த கேபிளின் முதல் கண்ணி. ஆக இரண்டு ஓரத்திலும் அரைகுறையாக 3 நிட் கண்ணி நிற்கும். அவற்றை முறுக்கப் பார்க்காதீர்கள். மூன்று கண்ணியை முறுக்கினால் ஓரம் கோணிக்கொள்ளும், தைக்கும்போது எந்தக் கண்ணிக்குள் ஊசியை விடுவது என்றே தெரியாது. சாதா நிட்டாக நேரே கொண்டுபோங்கள். ஒன்று தையலுக்குள் போய்விடும், மீதி இரண்டும் கைத்தையலை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மாதிரி அழகாகவே இருக்கும். நடுவில் 11 முழுக் கேபிள் மிஞ்சும். கவனித்தீர்களா, படத்தில் நீங்கள் எண்ணிய அதே 11. குழந்தை பெரிதாகியும் தோளில் கேபிள் எண்ணிக்கை மாறவில்லை; வளர்ந்த அகலத்தை ஓரத்துக் கண்ணிகள் வாங்கிக்கொண்டன.

வி கழுத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 74இல் தோளுக்குப் பக்கத்துக்கு 19 வைத்தால் கழுத்துக்கு 36, அதாவது 14 செ.மீ. நடுக் கேபிளை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் 18 கண்ணி குறைக்க வேண்டும். கைக்குழி 15 செ.மீ.க்கு 45 வரிசை, இரட்டைப்படைக்காக 46. ஒன்று விட்டு ஒரு வரிசையில் 15 முறை குறைத்தால் 30 வரிசை, பிறகு 4 வரிசைக்கு ஒருமுறை 3 முறை, 12 வரிசை. கடைசி 4 வரிசை நேராக. பின்கழுத்துக்கு அந்த 36ஐயும் கடைசியில் மூடிவிடலாம்.

இனி கை. அளவு மாற்றிய ஸ்வெட்டர்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான், ஏனென்றால் இங்கே மட்டும் கண்ணியும் வரிசையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. உடம்பில் வரிசைக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போனால் டேப் காப்பாற்றிவிடும். கையில் சரிவு இருக்கிறது. எத்தனை வரிசைக்கு ஒரு கண்ணி என்பதுதான் அந்தச் சரிவு.

தாளில் மிஞ்சியிருக்கும் வரியை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். மணிக்கட்டுக்கு 7 கேபிள், 46 கண்ணி, 17 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. (உங்கள் மாதிரித் துண்டின் அதே எண்ணிக்கை; வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன், மகளின் கையில் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.) 4 வரிசைக்கு ஒருமுறை 13 தடவை கூட்டினால் 52 வரிசையில் 72 கண்ணி ஆகும். 52 வரிசை என்பது 17 செ.மீ. அதாவது முழங்கையைத் தாண்டியதுமே கை முழு அகலத்துக்கு வந்துவிடும், அதற்கு மேல் குழாய் மாதிரி நேராகப் போகும். அப்படி வந்த அகலமும் போதாது: தையல் போக 70 கண்ணி, 27 செ.மீ. சதுரக் கைக்குழியில் கையின் மேல் விளிம்பு கைக்குழியின் முன் உயரத்தையும் பின் உயரத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டும்: 15ம் 15ம் 30. மூன்று செ.மீ. பற்றாது. இழுத்துப் பிடித்துத் தைப்பீர்கள், அக்குளில் சுருக்கம் விழும், கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் முழுக்க மேலே ஏறும். பழைய ஸ்வெட்டரில் இந்த எண்கள் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். 6 கேபிள், 40 கண்ணியில் தொடங்கி 26 கூட்டினால் 66. நாலு வயதுக் கைக்குழிக்கு அது பொருத்தமான அகலம்.

எனவே இரு முனையையும் முதலில் நிறுத்துங்கள். கீழே 46. மேலே 30 செ.மீ., 30ஐ 2.6ஆல் பெருக்கி 78, தையலுக்கு 2, ஆக 80. கூட்ட வேண்டியது 34, ஓரத்துக்கு 17. அதற்குக் கிடைக்கும் உயரம் எவ்வளவு? அக்குள் வரை 32, ரிப்புக்கு 5 போனால் 27 செ.மீ., 81 வரிசை. 81ஐ 17ஆல் வகுத்தால் 4.8. நாலே முக்கால் வரிசைக்கு ஒருமுறை என்று யாரும் பின்ன முடியாது. ஐந்து வரிசைக்கு ஒருமுறை என்றால் ஒரு தடவை நல்ல பக்கத்திலும் ஒரு தடவை மறுபக்கத்திலும் வரும், எரிச்சல். அதனால் 4ஐயும் 6ஐயும் கலக்க வேண்டும். 17ஐயும் 4 வரிசைக்கு ஒன்றாகப் போட்டால் 68 வரிசை. இருப்பது 80 என்று கொண்டால் 12 மிச்சம். ஒரு 4ஐ 6 ஆக்கினால் 2 வரிசை செலவாகும், 12க்கு ஆறு. ஆக 4 வரிசைக்கு ஒருமுறை 11 தடவை, பிறகு 6 வரிசைக்கு ஒருமுறை 6 தடவை. 44ம் 36ம் 80. எந்தச் சரிவுக்கும் இந்தக் கணக்கு வரும், இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிய கண்ணிகளை ஓரத்தில் பர்லாக வைத்துக்கொண்டே போய், 6 சேர்ந்ததும் அவற்றை ஒரு புதிய 4 நிட், 2 பர்ல் ஆக்கலாம். இரண்டு ஓரமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும்.

இன்னொன்று, சதுரக் கைக்குழிக்கே உரியது. உடம்பில் பக்கத்துக்கு 12 கண்ணி மூடினோமே, அது 4.5 செ.மீ. ஆழமுள்ள ஒரு படி. கை அந்தப் படிக்குள் போய் உட்கார வேண்டும். அதனால் 80 கண்ணி ஆன பிறகு கையை அங்கேயே மூடிவிடாமல் இன்னும் 14 வரிசை நேராகப் பின்னி மூடுங்கள். அந்த 14 வரிசையின் பக்க ஓரத்தைத்தான் மூடிய 12 கண்ணியோடு சேர்த்துத் தைப்பீர்கள். உங்கள் தாளின் கிழிந்த பகுதியில் இது இருந்திருக்கும். இதை விட்டுவிட்டால் கை 4.5 செ.மீ. குட்டையாகும், அக்குளில் ஒரு ஓட்டையும் மிஞ்சும்.

எவ்வளவு நூல் வாங்குவது என்று கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மாதிரித் துண்டைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 17.5க்கு 14 செ.மீ. துண்டு, 245 சதுர செ.மீ., 18 கிராம் இருந்தது என்று கொள்வோம். ஸ்வெட்டரின் முன், பின் இரண்டும் 37க்கு ஏறக்குறைய 40. கைகள் சராசரியாக 23.5 அகலம், ரிப்பிலிருந்து உச்சி வரை 36.5. எல்லாம் சேர்த்து 4,700 சதுர செ.மீ. பக்கம். துண்டின் கணக்கில் 345 கிராம். கழுத்துப் பட்டை, தையல், அவிழ்த்துப் பின்னும் சேதாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 கிராமாக, ஒரே சாய லாட்டில் வாங்கிவிடுங்கள். கேபிள் நூலைத் தின்னும், சாதாப் பின்னல் ஸ்வெட்டரின் கணக்கை நம்பி வாங்காதீர்கள்.

பின்பக்கத்தில் தொடங்குங்கள். 10 செ.மீ. ஆனதும் கண்ணிகளை ஊசியிலிருந்து ஒரு நீள நூலுக்கு மாற்றி, தட்டையாகப் போட்டு அகலத்தை அளந்து பாருங்கள். ஊசியில் இருக்கும்போது அளந்தால் எதுவும் தெரியாது, ஊசி துணியை இழுத்துக்கொண்டோ குறுக்கிக்கொண்டோ இருக்கும். துண்டைத் துவைப்பதற்கு முன்னும் அளந்து வைத்திருந்தால் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள், துவைத்த எண்ணோடு அல்ல. 1 செ.மீ. வித்தியாசம் என்றால் தொடரலாம். 2க்கு மேல் போனால், சின்னத் துண்டில் இறுக்கமாகப் பின்னிய கை நீள வரிசையில் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணி எண்ணிக்கையை மாற்றாமல் ஊசியை ஒரு அளவு குறைத்து மறுபடி தொடங்குங்கள். வலிக்கும்தான், ஆனால் 10 செ.மீ. அளவுக்கு மட்டும்.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழியும் உண்டு: பழைய 82 கண்ணியையே வைத்துக்கொண்டு நூலையும் ஊசியையும் பருமனாக்குவது. 80 கண்ணி 37 செ.மீ. வர, கேபிளில் 10 செ.மீ.க்கு 21 அல்லது 22 கண்ணி வேண்டும். டிகேவுக்கு அடுத்த பருமனில் 5 மி.மீ. ஊசியை ஒட்டிய நூல் முயன்று பார்க்கலாம். அகலம் வந்துவிடும், உங்கள் இரண்டு வரிகளும் ஏறக்குறைய அப்படியே செல்லுபடியாகும். ஆனால் துணி கனமாக இருக்கும், கேபிள் தடித்துத் தெரியும். கையின் நீளத்தை அப்போதும் தனியாகக் கூட்டத்தான் வேண்டும், சரிவுக் கணக்கிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது.

உங்கள் பேட்டர்னில் ஆறு கண்ணிக்கு ஒரு வடிவம் என்பதால்தான் இதெல்லாம் சுலபமாக நடக்கிறது. முன்பக்கம் முழுக்க ஒரே பெரிய படமோ, கழுத்தைச் சுற்றி வட்டமாக விரியும் வண்ணப் பின்னலோ இருந்திருந்தால், ஒரு வடிவத்தைக் கூட்டினாலே 8, 10 செ.மீ. தாவும். அங்கே பக்கவாட்டுப் பட்டையில் ஒளித்து வைக்கவும் முடியாது, கட்டத்தாளில் வடிவத்தையே புதிதாக வரைய வேண்டியிருக்கும். படத்தில் நீங்கள் எண்ணிய 11 மட்டும் சரிதானா என்று பூதக்கண்ணாடி வைத்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். 10 என்று வந்தால் நடுக் கேபிள் பற்றி நான் சொன்னது மாறும். மகளின் அளவும் துண்டின் 2.3ம் அப்போதும் அப்படியே நிற்கும்.